68 நாளா, 73 நாளா: விகிதக் கணக்கில் எங்கே மதிப்பெண் குறைப்பது?

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதல் தேர்வின் கணக்குப்பதிவியல் விடைத்தாள்களைத் திருத்துகிறேன். ஒரு கணக்கில் உங்கள் கருத்துத் தேவைப்படுகிறது.

விற்ற சரக்கின் அடக்கவிலை ரூ.8,00,000, தொடக்கச் சரக்கிருப்பு ரூ.1,20,000, இறுதிச் சரக்கிருப்பு ரூ.1,80,000. ஆண்டுக்கு 365 நாள் எனக் கொண்டு, சரக்கிருப்பு சுழற்சி விகிதத்தையும் மாற்றுக் காலத்தையும் காண வேண்டும். விகிதம் 5.33 முறை, காலம் 68 நாள் என்பது விடைக்குறிப்பு. எத்தனை தசம இடங்கள் என்று வினாவில் குறிப்பிடாதது என் தவறுதான்.

விகிதத்தை 5.3 என எழுதியவர்களுக்கு 69 நாள் வந்திருக்கிறது. முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன். ஒரு மாணவி சராசரியைச் சரியாகக் கண்டு, விகிதத்தை 5 என முழுமையாக்கி, 73 நாள் என முடித்திருக்கிறார். சூத்திரமும் பிரதியிடலும் பிழையற்றவை என்பதால் வழிமுறை மதிப்பெண்களைத் தந்து, இறுதி விடைக்குரிய ஒரு மதிப்பெண்ணை மட்டும் குறைக்க எண்ணுகிறேன். இடைப்படியில் முழுமையாக்கியதற்கு இரண்டு இடங்களிலும் தண்டிப்பது நியாயமாகுமா?

82 நாள் எழுதியவரிடம் எனக்குக் குழப்பமில்லை; சராசரிக்குப் பதிலாக இறுதிச் சரக்கிருப்பால் வகுத்தது முழுமையாக்கல் பிழையன்று. ஆனால் இன்னொருவர் 360 நாளை 5.3 ஆல் வகுத்து 67.9 பெற்று, 68 என எழுதியிருக்கிறார். விடை பொருந்துகிறது, வழி வினாவுக்கு மாறானது. விடையை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. இவருக்கு எவ்வளவு குறைப்பீர்கள்?