மழை பெய்தால் தண்ணீர் பின்னால் ஓடுகிறதாம்: பெருக்கலில் மேல் பாதியைப் பார்த்த அனுபவங்கள்

பழைய சோல்டரிங், ஜூரோங்

கடல் பக்கம் இருக்கிற ஒரு தொழிற்பேட்டையில், மழைநீர் வெளியேறும் குழாயில் ஓட்டமானி ஒன்று இருக்கிறது. அதன் ஃபர்ம்வேரை வேறு ஆட்கள் எழுதினார்கள், பராமரிப்பு மட்டும் போன வருடம் என் கைக்கு வந்தது. கூடவே ஒரு விசித்திரப் புகாரும் வந்தது. அடைமழை நேரத்தில், குழாய் நிறையத் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, பதிவில் மட்டும் கடலிலிருந்து தண்ணீர் உள்ளே வருவதாக எழுதியிருக்கும்.

மானி ஓட்டத்தை விநாடிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று தரும். வெளியே போனால் பாசிட்டிவ், கடல் ஏறி உள்ளே தள்ளினால் நெகட்டிவ். நிமிடத்துக்கு ஒருமுறை அதை 60000 மில்லிவிநாடியால் பெருக்கி, அந்த நிமிடத்தின் அளவை மைக்ரோலிட்டரில் எழுதுவார்கள். பதிவில் அதற்கு இருக்கும் இடம் 32 பிட், குறியோடு.

விநாடிக்கு 40 லிட்டர் ஓடினால் கணக்கு 40000 × 60000, அதாவது 240 கோடி. குறியுள்ள 32 பிட்டில் அதிகபட்சம் 2147483647 தான் அடங்கும். அதனால் பதிவில் −1894967296 என்று விழுகிறது. வெளியே போனது 2400 லிட்டர். பதிவைப் படிப்பவருக்கு 1895 லிட்டர் உள்ளே வந்திருக்கிறது!

ஓவர்ஃப்ளோ என்று தெரிந்ததும் பழைய பதிப்புகளை எடுத்துப் பார்த்தேன். முதல் பதிப்பில் சோதனையே இருந்தது:

```c
int64_t p = (int64_t)q * dt;
if (p >> 32) fault = 1;
rec.vol = (int32_t)p;
```

சிப் கார்டெக்ஸ் எம்3. கம்பைலர் இதை `SMULL` ஆக்குகிறது. பெருக்கலின் மேல் 32 பிட் ஒரு ரிஜிஸ்டரிலும் கீழ் 32 பிட் இன்னொன்றிலும் வந்து உட்காரும். மேல் பாதியில் ஏதாவது இருந்தால் பிழை என்பது அவர்கள் கணக்கு. அடுத்த பதிப்பில் அந்த `if` வரி கமெண்ட் ஆகிக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு: "தினமும் இரண்டு முறை பொய் அலாரம்".

ஏன் இரண்டு முறை என்பதுதான் வேடிக்கை. நம் கடலில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும். ஏறும்போது ஓட்டம் நெகட்டிவ். விநாடிக்கு 5 லிட்டர் உள்ளே வந்தால் −5000 × 60000 = −300000000. இது 32 பிட்டில் தாராளமாக அடங்குகிற எண். ஆனால் 64 பிட்டில் நெகட்டிவ் எண் என்பதால் மேல் பாதி முழுக்க ஒன்றுகள், `0xFFFFFFFF`. பூஜ்ஜியம் இல்லை, உடனே அலாரம். சென்சாரில் உப்பு படிகிறது என்று நினைத்து அதை இரண்டு தரம் மாற்றியிருக்கிறார்கள் பாவம்.

இதே மாதிரி யாராவது மாட்டியிருக்கிறீர்களா?

கோப்பி ஓ கோசோங்

அண்ணே, நான் புளோக் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். எங்கள் இடத்திலும் ஓவர்ஃப்ளோ அலாரம் சும்மா சும்மா அடிக்கும். மிதவை ஸ்விட்சில் குப்பை மாட்டியிருந்தது, எடுத்துக் கழுவியதும் நின்றது. முதலில் அதைப் பாருங்கள்.

பழைய சோல்டரிங், ஜூரோங்

தம்பி, இங்கே வழிந்தது தண்ணீர் இல்லை, எண். மிதவை நன்றாகத்தான் மிதக்கிறது.

ஈசூன்காரன்

இதற்கு மேல் பாதியெல்லாம் தேவையா? இரண்டு பாசிட்டிவ் எண்களைப் பெருக்கி விடை நெகட்டிவ்வாக வந்தால் ஓவர்ஃப்ளோ. குறியை மட்டும் பார்த்தால் போதும். நான் பிசியில் அதைக்கூடச் செய்வதில்லை, `imul` போட்டு அடுத்த வரியில் `jo`. பதினைந்து வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை.

ரிஜிஸ்டர் ராணி

ஈசூன் அண்ணா, `jo` விஷயம் பிசியில் முழுக்கச் சரி. x86இல் `imul` செய்தால், விடை குறுகிய இடத்தில் அடங்காதபோது ஓவர்ஃப்ளோ ஃப்ளாக் ஏறும். அது குறியையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஏறுகிறது, அதனால் −300000000க்குப் பொய் அலாரம் வராது. ஆனால் ஆர்மில் `SMULL` அந்த V ஃப்ளாகைத் தொடுவதே இல்லை. முன்னால் ஓடிய ஏதோ கட்டளை விட்டுப்போன மதிப்பைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள்.

குறியைப் பார்க்கிற உங்கள் விதி பாதிதான் பிடிக்கும். சோல்டரிங் சாரின் குழாயில் விநாடிக்கு 100 லிட்டர் ஓடுவதாக வையுங்கள். 100000 × 60000 = 600 கோடி. இதில் 4294967296 ஒரு முறை மேல் பாதிக்குப் போய்விடும், கீழே மிஞ்சுவது 1705032704. பாசிட்டிவ். பெருக்கிய இரண்டு எண்களையும்விடப் பெரியது வேறு, அதனால் 'விடை சிறுத்துப்போனதா' என்று பார்த்தாலும் தப்பித்துவிடும். கூட்டலுக்குப் பழகின சோதனையைப் பெருக்கலுக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான். கூட்டலில் ஒரு பிட்தான் வழியும், பெருக்கலில் மேலே ஒரு முழு ரிஜிஸ்டரே நிரம்பலாம்.

சார், உங்கள் மழை நேரத்துக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த `if` வரியை எடுக்காமல் விட்டிருந்தாலும் 40 லிட்டர் பிடிபட்டிருக்காது. 240 கோடி என்பது `0x8F0D1800`, மேல் பாதி சுத்தமாக பூஜ்ஜியம். அதாவது அந்தச் சோதனை அடங்கிய எண்ணுக்குக் கத்தியது, அடங்காத எண்ணுக்குச் சும்மா இருந்தது. குறியில்லாத எண்ணுக்கு எழுதவேண்டிய விதியை இங்கே போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

குறியுள்ள எண் என்றால், மேல் பாதியின் எல்லா பிட்டும் கீழ் பாதியின் உச்சி பிட்டின் நகலாக இருக்கவேண்டும். கீழ் பாதி நெகட்டிவ் என்றால் மேலே எல்லாம் ஒன்று, இல்லையென்றால் எல்லாம் பூஜ்ஜியம்.

```
smull r0, r1, r2, r3
cmp   r1, r0, asr #31
bne   overflow
```

இதில் `r0` கீழ் பாதி, `r1` மேல் பாதி. மூன்று எண்களையும் ஓட்டிப் பாருங்கள். −300000000க்குக் கீழ் பாதி `0xEE1E5D00`, உச்சி பிட் ஒன்று. 31 இடம் தள்ளினால் `0xFFFFFFFF`, மேல் பாதியும் அதுவே, நல்ல எண். 240 கோடிக்குத் தள்ளினால் `0xFFFFFFFF`, மேலே பூஜ்ஜியம், பிடிபடும். 600 கோடிக்குத் தள்ளினால் பூஜ்ஜியம், மேலே 1, அதுவும் பிடிபடும். சி மொழியில் `if (p != (int32_t)p)` என்று எழுதினாலும் இதே வேலைதான். ஜிசிசியில் `__builtin_mul_overflow` இருக்கிறது, நான் அதைத்தான் போடுவேன்.

பாலிடெக் பொண்ணு

அக்கா, இப்போதுதான் எனக்கு மார்க் ஏன் போனது என்று புரிகிறது! மிப்ஸ் அசைன்மென்டில் `mult` செய்து, `mfhi` எடுத்து, பூஜ்ஜியமா என்று மட்டும் பார்த்தேன். ஆசிரியர் −3ஐயும் 5ஐயும் கொடுத்திருக்கிறார், என் புரோகிராம் ஓவர்ஃப்ளோ என்று சொல்லிவிட்டது. தோழி `multu` போட்டால் சரியாகும் என்றாள். −15 சரியாக வந்தது, ஓவர்ஃப்ளோ மட்டும் போகவில்லை. இது சரியா?

ரிஜிஸ்டர் ராணி

விடை சரியாக வரும்மா, அதுதான் ஏமாற்றுகிறது. கீழ் பாதி `mult` போட்டாலும் `multu` போட்டாலும் ஒன்றேதான், `0xFFFFFFF1`. மேல் பாதிதான் மாறும். `mult` என்றால் HI முழுக்க ஒன்றுகள். `multu` என்றால் −3ஐ 4294967293 என்று படித்து 5 முறை பெருக்கும், HIயில் 4 நிற்கும். அந்த 4ஐ வைத்துக்கொண்டு குறியுள்ள எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லமுடியாது.

```
mult $a0, $a1
mfhi $t0
mflo $t1
sra  $t2, $t1, 31
bne  $t0, $t2, overflow
```

`sra` போடு, `srl` போடாதே. `srl` போட்டால் நெகட்டிவ் எண்ணுக்கு `$t2`இல் 1 தான் வரும், மறுபடி −15இல் மாட்டுவாய்.

சிவப்பு வயர்

சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்கு ஆர்டுவீனோ ஊனோ சொல்லித்தருகிறேன். ஒரு பையன் `long t = 60 * 1000;` என்று எழுதினான், −5536 வந்தது. இடப்பக்கம் `long` தானே என்று அவன் சண்டை. அந்த போர்டில் `int` 16 பிட், பெருக்கல் முடிந்த பிறகுதான் `long`க்குப் போகிறது. `60L` என்று மாற்றிக் காட்டினேன், 60000 வந்தது. இதுவும் நீங்கள் பேசுகிற விஷயம்தானே?

ரிஜிஸ்டர் ராணி

பக்கத்து வீடு. அங்கே மேல் பாதி கணக்கில் வருவதற்கு முன்பே போய்விட்டது. சார் காட்டிய கோடில் `(int64_t)` பெருக்கலுக்கு முன் இருக்கிறது பாருங்கள், அதை `(int64_t)(q * dt)` என்று எழுதியிருந்தால் உங்கள் பையன் கதைதான்.

ஈசூன்காரன்

சரி, 600 கோடியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சாமானுக்கு இவ்வளவு ஏன்? நிமிடம் எப்போதும் 60000 தானே. ஓட்டம் 35791க்கு மேலோ −35791க்குக் கீழோ போனால் அடங்காது. பெருக்குவதற்கு முன்பே ஒரு ஒப்பீடு, முடிந்தது. கார்டெக்ஸ் எம்0 மாதிரி `SMULL` இல்லாத சிப்பிலும் ஓடும். அங்கே 64 பிட் பெருக்கலுக்கு கம்பைலர் லைப்ரரியைக் கூப்பிடும்.

ரிஜிஸ்டர் ராணி

இது நல்ல யோசனை அண்ணா. ஒரு எண் மாறாதபோது இதுவே சுலபம். நிமிடத்தை நாளைக்கு யாராவது 5 நிமிடமாக மாற்றினால் அந்த 35791ஐயும் மாற்றவேண்டும். `INT32_MAX / DT` என்று எழுதிவைத்தால் தானே மாறிக்கொள்ளும்.

எனக்குப் புரியாதது, ஒரு மழைநீர்க் குழாய்க்கு மைக்ரோலிட்டர் எதற்கு? மில்லிலிட்டரில் எழுதினால் இந்தப் பேச்சே இல்லை.

பழைய சோல்டரிங், ஜூரோங்

அதே பதிவு வடிவம்தான் மருந்து கலக்கும் பம்புக்கும். அங்கே மைக்ரோலிட்டர் வேண்டும், சர்வர் இரண்டையும் ஒன்றாகப் படிக்கிறது. அலகை மாற்றினால் சர்வர்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டும், அது தனிக் கதை.

சோதனையைச் சரிசெய்துவிட்டேன். அடங்காத எண்ணை எழுதாமல் பிழைக் குறியீடு போடுகிறது, கடல் ஏறும்போது அமைதியாக இருக்கிறது. இப்போது தலைவலி, `if` இல்லாமல் ஓடிய காலத்துப் பழைய பதிவுகள். 35.8க்கும் 71.5 லிட்டருக்கும் இடையில் ஓடியதெல்லாம் நெகட்டிவ்வாக விழுந்திருக்கும், 4294967296ஐக் கூட்டினால் நிஜ அளவு திரும்பிவிடும். குழப்பம் வருவது இந்தப் பட்டையின் மேல் விளிம்பில்தான். 67 லிட்டர் ஓடியிருந்தால் பதிவு −274967296. கடல் ஏறி 4.6 லிட்டர் உள்ளே வந்தாலும் கிட்டத்தட்ட அதே எண். அங்கே அலை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

71.6க்கு மேல் போனவை இன்னும் மோசம். 1705 லிட்டர் என்று இருந்தால் அது 100 லிட்டர் வேகமா, நிஜமாகவே 28.4 லிட்டர் வேகமா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லமுடியாது.

ஈசூன்காரன்

முன் நிமிடத்தையும் பின் நிமிடத்தையும் பாருங்கள். ஓட்டம் ஒரே நிமிடத்தில் 70 லிட்டர் குதிக்காது.

பழைய சோல்டரிங், ஜூரோங்

அங்கே ஒரு தேக்கத் தொட்டியின் பம்பும் இதே குழாயில்தான் திறக்கிறது. அது ஓடத் தொடங்கினால் குதிக்கும். பம்ப் எப்போது ஓடியது என்ற பதிவு வாடிக்கையாளரிடம் இருக்கிறதாம், கேட்டு எழுதியிருக்கிறேன்.