புதுப்பிப்பு: தோசை மாவில் பருப்பு சேர்த்த கதை

"சோற்றைக் குறைக்கச் சொன்னால் வீட்டில் சண்டை. சத்தம் போடாமல் புரதத்தை எப்படிக் கூட்டுவது?" – நான் கேட்டது.

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பலித்தது கடலூர் முதுநகர் அக்கா சொன்ன வழிதான். தோசை மாவில் கால் பங்கு பாசிப்பயறு அரைத்துக் கலந்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. பாதிப் பங்கு ஆனதும் தோசை பச்சையாக வந்தது. "என்னம்மா, கீரையா?" என்றார் அத்தை. தோல் நீக்கிய பாசிப்பருப்புக்கு மாறினேன், நிறம் போச்சு. எதிர்பாராதது ஒன்று: மொத்த மாவிலும் கலந்தால் சீக்கிரம் புளிக்கிறது. அன்றைக்கு ஊற்றும் மாவில் மட்டும் கலக்குங்கள்.

மீல்மேக்கர் சொன்னவர் பாதி சரி. புரதம் அதிகம்தான், ஆனால் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தும் மாமா வாசனையிலேயே பிடித்துவிட்டார். தன் மகனின் புரதப் பவுடரைப் பற்றி எழுதியவருக்கு: எங்கள் வீட்டில் ஜிம்முக்குப் போகிறவர் யாருமில்லை!

சின்னவன் மட்டும் சாம்பாரில் பருப்பை இன்னும் ஒதுக்குகிறான்.