கலைச்சொல் வேண்டும்: ‘விசுவாசச் சோதனை’ பொருந்துமா?

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். உரோமை வரலாற்று நூலொன்றை மொழிபெயர்க்கிறேன். பேரரசரின் சிலைக்கு முன் தூபமும் மதுவும் படைக்கச் சொல்லி, படைத்தவரை விடுவிக்கும் வழக்கத்துக்கு ‘விசுவாசச் சோதனை’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

தாமஸ்:
வேண்டாம் அம்மா. எங்கள் கோயிலில் விசுவாசம் என்றால் கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கை. என் தாயார் இதைப் படித்தால், மனத்தில் இருந்ததைச் சோதித்தார்கள் என்றே எடுத்துக்கொள்வார்.

கதிர்:
அதுதானே நடந்தது? பேரரசரைக் கடவுளென்று நம்பச் சொன்னார்கள், கிறித்தவர்கள் மறுத்தார்கள். ‘நம்பிக்கைச் சோதனை’ என்றே வைக்கலாம்.

இராமநாதன்:
மறுத்தது உண்மை, கதிர். ஆனால் நம்பச் சொல்லவில்லை. ஏறத்தாழ 112இல் பித்தினியா-பொந்துஸ் ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். ‘நான் கிறித்தவன் அல்லன்’ என்றவர்கள், அவர் சொல்லச் சொல்லத் தெய்வங்களை அழைத்தார்கள், திராயானின் சிலைக்குத் தூபமும் மதுவும் படைத்தார்கள், கிறிஸ்துவைப் பழித்தார்கள். அதோடு விட்டுவிட்டார். திராயானைத் தெய்வமாக எண்ணுகிறாயா என்று ஒருவரையும் அவர் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. ‘ஆம், கிறித்தவன்தான்’ என்றவர்களிடம் மிரட்டலோடு மூன்று முறை கேட்டார். அப்போதும் மாறாதவர்களைக் கொல்ல அனுப்பினார். அவர்கள் ஒப்புக்கொண்டது எதுவாயினும் அந்தப் பிடிவாதமே தண்டனைக்குரியது என்கிறார். ஆளுநர் ஆணையிட்டும் பணியாதது அவருக்குக் குற்றம். உரோமைக் குடியுரிமை உள்ளவர்களை மட்டும் உரோமைக்கு அனுப்பக் குறித்துவைத்தார்.

திராயானின் பதிலில் அவருடைய சிலையைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘நம் தெய்வங்களை வணங்கிக் காட்டினால் மன்னித்துவிடு’ என்பதோடு சரி. ஆகவே ‘பேரரசர் வழிபாடு’ என்ற சொல்லும் இங்கே முழுதாகப் பொருந்தாது. ‘பற்றுறுதிப் படையல்’ என்று முன்மொழிகிறேன். செய்ததையும் சொல்கிறது, எதற்காக என்பதையும் சொல்கிறது.

கதிர்:
250இல் பேரரசர் தேசியுஸ் எல்லோரையும் தம்மை வணங்கச் சொல்லிச் சான்றிதழ் கொடுத்தாரே, அதற்கும் இதே சொல்லா?

இராமநாதன்:
தேசியுஸ் கேட்டது தெய்வங்களுக்குப் பலி, தமக்கு அன்று. எகிப்தில் கிடைத்த அந்தத் தாள்களில் ‘ஆணைப்படி உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், மது வார்த்தேன், படைத்ததைச் சுவைத்தேன்’ என்று இருக்கிறது. கீழே, அதை நேரில் பார்த்தவர்களின் கையொப்பம். அதற்குப் ‘படையல் சான்று’ போதும்.

தாமஸ்:
சுவைத்தது இறைச்சி. அதைப் படையல் என்றால் பொங்கலும் பழமும்தான் நினைவுக்கு வரும். ‘பலிச் சான்று’ என்றால்தான், மறுத்தவர்கள் எதை மறுத்தார்கள் என்பது தெரியும்.

செல்வி:
எங்கள் ஊர்க் கருப்பசாமிக்குக் கிடாக்கறியையும் படையல் என்றுதான் சொல்வோம், ஐயா. பிளினி கேட்டதோ தூபமும் மதுவும். பலி என்றால் அது விட்டுப்போகும். முதல் சொல்லாகப் ‘பற்றுறுதிப் படையல்’ என்பதை எடுத்துக்கொள்கிறேன். சான்றுக்கு இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன். தேசியுஸ் அதிகாரம் வர இன்னும் இரண்டு வாரம் ஆகும்; அதற்குள் வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.