44.1-ஐயும் 48-ஐயும் கலந்தால் 4 ஃபிரேம் நழுவுமா?

கச்சேரி கேமரா: சபா கச்சேரி ஒன்று எடிட் செய்கிறேன். ஒலியின் சாம்பிள் ரேட் கேமராவில் 48 கிலோஹெர்ட்ஸ், மேடையில் வைத்த கைரெக்கார்டரில் 44.1. முதல் கைதட்டலில் ஒட்டினேன், பக்காவாக நிற்கிறது. சரியாக ஒரு மணி நேரம் கழித்து வரும் கைதட்டலில் ரெக்கார்டர் சத்தம் 4 ஃபிரேம் பிந்தி வருகிறது. டைம்லைன் விநாடிக்கு 25 ஃபிரேம். ‘வேறு வேறு சாம்பிள் ரேட்டைக் கலந்தால் இப்படித்தான் நழுவும், சுருதியும் மாறும்’ என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எல்லாவற்றையும் 48-க்கு மாற்றினால் சரியாகிவிடுமா?

கட் மாஸ்டர்: ஆகும் தம்பி. அந்த வீடியோவில் சொன்னது சரி. 44.1-ஐ 48 டைம்லைனில் போட்டால் கணக்கு முழுசாக வகுபடாது. ஒவ்வொரு விநாடியும் ஒரு துளி மிச்சம் விழும், அது சேர்ந்து சேர்ந்து ஒரு மணி நேரத்தில் 4 ஃபிரேம். 48-க்கு மாற்றிவிட்டுப் போடு. இதில் பேச ஒன்றுமில்லை.

ஒலிப்பெட்டி: பேச நிறைய இருக்கிறது. இந்த ‘மிச்சம் சேரும்’ கதையை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லப் போகிறீர்கள்? 44100-இல் 147 சாம்பிள் ஓடும் நேரமும் 48000-இல் 160 சாம்பிள் ஓடும் நேரமும் ஒன்றேதான், விநாடியில் 300-இல் ஒரு பங்கு. அதாவது இரண்டும் ஒரே விநாடிக்குள் 300 தடவை சரியாக ஒரே இடத்தில் சந்திக்கின்றன. மிச்சம் எங்கே விழுகிறது, எங்கே சேருகிறது?

எடிட்டிங் மென்பொருள், ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்பில் 44100 என்று படித்துவிட்டால் இடையில் தேவையான சாம்பிளைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். நீளமும் மாறாது, சுருதியும் மாறாது. தம்பி 48-க்கு மாற்றினால் அதே 4 ஃபிரேம் பிந்தும் 48 ஃபைல் கிடைக்கும், அவ்வளவுதான்.

கட் மாஸ்டர்: அப்படியானால் 4 ஃபிரேம் எங்கிருந்து வந்தது? ஆகாயத்திலிருந்தா? கேமரா 48, ரெக்கார்டர் 44.1, நழுவல் 4 ஃபிரேம். கண்ணெதிரே இருக்கிறது. ஃபிரேம் ரேட் திரியிலும் இப்படித்தான் 147, 160 என்று எண்ணைக் கொட்டிவிட்டுப் போனீர்கள்.

ஒலிப்பெட்டி: ஃபிரேம் ரேட் திரியில் யார் பாதியில் ஓடினார் என்பது படித்தவர்களுக்குத் தெரியும்.

ரேட்டைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்பதை இதே கச்சேரியில் போட்டுப் பார்ப்போம். 44.1 ஃபைலை எடிட்டர் 48 என்று நினைத்து ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரக் கச்சேரி 55 நிமிடம் 7 விநாடியில் முடிந்துவிடும். முதல் விநாடியிலேயே 2 ஃபிரேம் தள்ளிப்போகும், முதல் நிமிடத்தில் கிட்டத்தட்ட 5 விநாடி. தம்பி சொல்வது ஒரு மணி நேரத்துக்கு 4 ஃபிரேம். இரண்டும் கிட்டத்தில்கூட வராது.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? தப்பாகப் படித்திருந்தால் சத்தம் படத்தை முந்தியிருக்கும். தம்பிக்குப் பிந்துகிறது. திசையே வேறு.

சாருகேசி: நான் எடிட்டர் இல்லை, பாடுகிறவள். சுருதி மாறும் என்று சொன்னதால் வந்தேன். தம்பி, பாடகிக்கு எத்தனை கட்டை? அந்த ஃபைலில் தம்பூரா எத்தனையில் நிற்கிறது?

கச்சேரி கேமரா: ஐந்தரைக் கட்டை அக்கா. சுருதிப்பெட்டியோடு வைத்துப் பார்த்தேன், ஐந்தரையிலேயே நிற்கிறது.

ஒலிப்பெட்டி: நல்ல கேள்வி அம்மா. தப்பாகப் படித்திருந்தால் ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவே, எந்தக் கட்டையிலும் சேராமல் நின்றிருக்கும். ஒன்றரை ஸ்வர ஸ்தானத்துக்குக் கொஞ்சம் குறைவான ஏற்றம். இதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். ஐந்தரையில் நிற்கிறது என்றால் ரேட்டைச் சரியாகப் படித்திருக்கிறது, வழக்கு முடிந்தது.

கட் மாஸ்டர்: முடியவில்லை. என் கையில் வந்த ஒரு பக்திப் பாடலில் பாடகரின் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி ஏறிப்போனது. காரணம் சாம்பிள் ரேட். அது பொய்யா?

ஒலிப்பெட்டி: அது உண்மை, ஆனால் அந்த நோய் வேறு. யாரோ ஃபைலின் தலைப்பை மாற்றியிருப்பார்கள். அடாசிட்டியில் டிராக்கின் பக்கத்து மெனுவில் Rate என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் சாம்பிள்கள் அப்படியே இருக்கும், ஓடும் வேகம் மட்டும் மாறும். 44.1 டிராக்குக்கு அங்கே 48 கொடுத்தால் குரல் ஏறும். மேலே Tracks மெனுவில் இருக்கும் Resample வேறு. அது சாம்பிள்களையே புதிதாகக் கணக்கிடும், குரல் அசையாது. பாதிப் பேர் முதலாவதைச் செய்துவிட்டு ‘மாற்றிவிட்டேன்’ என்பார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஆடியோ கார்டை வெளியிலிருந்து வரும் 48 கடிகாரத்தில் பூட்டிவிட்டு, மென்பொருளில் 44.1 என்று வைத்துப் பதிவு செய்தால் உள்ளே 48, லேபிளில் 44.1 என்று ஒரு ஃபைல் பிறக்கும். அது எங்கே போனாலும் இழுத்து இழுத்து, குரல் தடித்துத்தான் பாடும்.

ரிசப்ஷன் வீடியோ: எனக்கும் இதே பிரச்சினைதான். போனில் எடுத்த ரிசப்ஷன் வீடியோ, தனியாக மைக். நடுவில் விலகுகிறது, அப்புறம் தானே சேர்கிறது, மறுபடி விலகுகிறது. 44.1-ஐ 48 ஆக்கிப் பார்த்தேன், பலனில்லை.

ஒலிப்பெட்டி: உங்களுடையது இதே பிரச்சினை இல்லை. விலகிப்போய்த் தானே திரும்பிச் சேர்ந்தால் சந்தேகம் படத்தின் மேல். போன் நிலையான ஃபிரேம் ரேட்டில் எடுப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் ஃபிரேமைக் குறைக்கும். முதலில் படத்தை நிலையான ரேட்டுக்கு மாற்றுங்கள்.

ரிசப்ஷன் வீடியோ: போன் விலை தெரியுமா சார்? அது குறைக்காது.

கட் மாஸ்டர்: பாருங்கள், எல்லாருக்கும் எல்லாம் தெரியாது என்பார். அந்த 4 ஃபிரேமுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

ஒலிப்பெட்டி: பதில் இதோ. ஒவ்வொரு கருவிக்குள்ளும் கடிகாரமாக ஓடுகிற ஒரு கிரிஸ்டல் இருக்கிறது. 44100 என்று எண்ணச் சொன்னால் அதன் கணக்கில் எண்ணும், உலகத்தின் கணக்கில் இல்லை. விலை மலிவான இரண்டு கைக்கடிகாரம் மாதிரி, இரண்டும் மணி சரியாகத்தான் காட்டும், ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. 4 ஃபிரேம் என்றால் 160 மில்லி விநாடி. அதை 3600 விநாடியில் வகுத்தால் பத்து லட்சத்துக்கு 44 பங்கு. சாதாரணக் கிரிஸ்டலுக்கு இது ரொம்ப சகஜம். கேமராவும் ரெக்கார்டரும் இரண்டுமே 48-இல் இருந்திருந்தாலும் இதே 4 ஃபிரேம் வந்திருக்கும்.

நம்பாவிட்டால் இரண்டையும் 48-இல் வைத்து ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். ஆரம்பத்தில் ஒரு தட்டு, முடிவில் ஒரு தட்டு.

கட் மாஸ்டர்: எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, வேலை இருக்கிறது.

கச்சேரி கேமரா: அண்ணே, சண்டை இருக்கட்டும். நான் இப்போது என்ன செய்ய? எடிட்டரில் வேகத்தைச் சற்று ஏற்றிப் பார்த்தேன். 100.01 கொடுத்தால் இப்போது 5 ஃபிரேம் முந்துகிறது.

ஒலிப்பெட்டி: முந்தத்தான் செய்யும். உனக்குத் தேவை 100.0044. உன் எடிட்டர் இரண்டு தசமத்துக்கு மேல் வாங்காது போலிருக்கிறது. 100.01 ஒரு மணி நேரத்தில் 360 மில்லி விநாடியைத் தின்றுவிடும், உனக்கு வேண்டியது 160. வெளியே செய்துகொண்டு வா:

```
ffmpeg -i kacheri.wav -af "asetrate=44102,aresample=48000" -c:a pcm_s24le kacheri_48.wav
```

முதல் பாதி, ‘இந்த ஃபைல் 44100 இல்லை, 44102 என்று எடுத்துக்கொள்’ என்கிறது. இரண்டாம் பாதி அதை 48-க்கு மாற்றுகிறது. கடைசிக் கைதட்டலில் மிச்சம் 3 மில்லி விநாடி, ஒரு ஃபிரேமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுருதியில் ஏறுவது எந்தக் காதுக்கும் கேட்காது. சாருகேசி அம்மா காதுக்கும்தான்.

கட் மாஸ்டர்: நில்லுங்கள், நில்லுங்கள். 44102 என்றா சொன்னீர்கள்? அப்படியென்றால் ரெக்கார்டரின் சாம்பிள் ரேட் 44100 இல்லை. சாம்பிள் ரேட் வேறு, அதனால்தான் நழுவல். நான் முதல் வரியில் சொன்னதைச் சுற்றிச் சுற்றி நீங்களே சொல்லிவிட்டீர்கள். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பெட்டி: நீங்கள் சொன்னது 44.1-க்கும் 48-க்கும் உள்ள வித்தியாசம். நான் சொல்வது 44100-க்கும் 44102-க்கும் உள்ள வித்தியாசம். முன்னது 8 சதவீதத்துக்கு மேல், பின்னது பத்து லட்சத்தில் 45. அதுவும் 44102 ரெக்கார்டரின் குற்றம் என்று சொல்ல முடியாது. கேமரா மெதுவாக எண்ணியிருந்தாலும் இதே எண்தான் வரும். இந்த ஜோடிக்கு, அந்த நாளுக்கு மட்டும் பொருந்துகிற எண் அது. சூடேறினால் கிரிஸ்டல் நகரும். இதே எண்ணை அடுத்த கச்சேரிக்கும் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

கட் மாஸ்டர்: சாம்பிள் ரேட் வேறா இல்லையா? ஆம், இல்லை, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒலிப்பெட்டி: கலந்ததால் வந்தது இல்லை.

கட் மாஸ்டர்: கேள்வி அது இல்லை.

சாருகேசி: தம்பி, வேகத்தையெல்லாம் தொட வேண்டாம். நாலு கிருதி பாடியிருப்பார்களே, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் கைதட்டல் இருக்கும். அங்கே வெட்டி ஒவ்வொரு பாட்டையும் தனியாக ஒட்டினால் போதாதா? கால் மணி நேரத்துக்கு ஒரு ஃபிரேம்தானே நழுவும், அது யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது?

ஒலிப்பெட்டி: தாராளமாகச் செய்யலாம். கைதட்டலுக்குள் வெட்ட வேண்டும், அது முக்கியம். தம்பூரா மட்டும் ஒலிக்கிற இடத்தில் வெட்டினால் ஒட்டு டக்கென்று கேட்கும். ராகம் தானம் பல்லவி மாதிரி நடுவில் நிற்காமல் முக்கால் மணி போனால் அந்த வழி கிடையாது, 44102 தான்.

கட் மாஸ்டர்: மறுபடியும் 44102! சாம்பிள் ரேட் காரணமில்லையாம், மருந்து மட்டும் சாம்பிள் ரேட்டாம்.

ரிசப்ஷன் வீடியோ: நானும் அந்தக் கமாண்டை என் மைக் ஃபைலுக்குப் போட்டேன். இப்போது முன்பைவிட மோசம்.

ஒலிப்பெட்டி: உங்கள் ஃபைலின் ரேட் என்ன என்று பார்த்தீர்களா?

ரிசப்ஷன் வீடியோ: முதல் தடவையே 48 ஆக்கிவிட்டேன் என்று மேலே சொன்னேனே. குரல் இழுக்கிறது, தடித்துவிட்டது.

ஒலிப்பெட்டி: 48-ஐ 44102 என்று ஓட்டச் சொன்னால் தடிக்காமல் என்ன செய்யும்! கமாண்டைப் படிக்காமல் போட்டால் நான் என்ன செய்ய?

கட் மாஸ்டர்: ஆக, சாம்பிள் ரேட் தப்பானால் இழுக்கும், சுருதி மாறும். அந்த வீடியோவில் சொன்னது அதுதானே?

கச்சேரி கேமரா: அண்ணே, 44102 போட்டுப் பார்த்தேன். கடைசிக் கைதட்டல் சரியாக உட்காருகிறது. ஆனால் நடுவில், தனி ஆவர்த்தனம் வரும் இடத்தில் அரை ஃபிரேம் தள்ளி இருக்கிற மாதிரி தோன்றுகிறது. அது ஏன்?

ஒலிப்பெட்டி: கேமரா எங்கே இருந்தது? கடைசி வரிசையிலா? கேமரா மைக்கின் சத்தத்தோடு ஒப்பிட்டால் ஏழு மீட்டர் தூரத்துக்கே அரை ஃபிரேம் போய்விடும். ஆனால் அது ஆரம்பத்திலும் முடிவிலும் அதே அளவு இருக்க வேண்டும். நடுவில் மட்டும் என்றால் வேறு ஏதோ. கைதட்டியது ஹாலில் இருந்தவர்கள், மிருதங்கம் மேடையில். எதை எதோடு ஒப்பிட்டாய் என்று முதலில் சொல்.

கட் மாஸ்டர்: நடுவில் விலகுகிறதா? மிச்சம் சேரும் என்று அப்போதே சொன்னேன்.