இரண்டு பெட்டியிலும் 2021 இல்லை: ரெப்ளிகேஷன் இருந்தும் ஃபைல் போன அனுபவங்கள்

கிராணிமேசை

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபிஸ். பெயர் வேண்டாம். ஆபிஸில் எல்லாருடைய ஃபைல்களும் சேரும் ஒரு நாஸ் பெட்டி, ஆலையில் லாரி எடை போடும் கட்டடத்தில் இன்னொன்று. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை இங்கே உள்ளதை அங்கே அப்படியே நகலாக்கும் ரெப்ளிகேஷன் ஓடும். மார்ச்சில் பெட்டி 92 சதவீதம் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. இடம் வேண்டுமே என்று யாரோ 2021 ஃபோல்டரை அழித்திருக்கிறார்கள். செக்ரோல், இபிஎஃப், சொக்சோ பாரங்கள், ஸ்கேன் செய்த வவுச்சர்கள் என்று எல்லாம் சேர்த்து 180 ஜிபி.

ஆகஸ்டில் வருமானவரித் தணிக்கைக்கு அந்த வருஷத்து வவுச்சரைக் கேட்டார்கள். ஆலைப் பெட்டியில் இருக்கும் என்று எல்லாருக்கும் தைரியம். அதைத் திறந்தால் 2019, 2020, அடுத்தது 2022. அந்த வரிசைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தந்த நேரத்து ஃபைல்களை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்களிலும் 2021 இருந்தது ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதே மாதிரி பார்த்தவர்கள் எழுதுங்கள்.

பசார்ரோடு

15 நிமிடம் என்று வைத்ததுதான் கோளாறு. தினம் ஒரு தடவை, ராத்திரி 11 மணிக்கு ஓடவிட்டால் காலையில் அழித்தது சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெட்டியில் அப்படியே இருக்கும். கம்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் இப்படித்தான் ஸ்டாக் ஃபைல் திரும்பக் கிடைத்தது. மத்தியானம் அழித்தார்கள், மூன்று மணிக்கே கண்டுபிடித்தார்கள், இன்னொரு டிஸ்கில் முந்தின ராத்திரி நகல் இருந்தது. ரெப்ளிகேஷனைக் குறை சொல்லாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்.

நீலக்கேபிள்

பசார்ரோடு அண்ணே, நீங்கள் சொன்ன கடையில் அது வேலை செய்ததற்குக் காரணம் மூன்று மணிக்கே தெரிந்துபோனதுதான். இங்கே அழித்தது மார்ச், தெரிந்தது ஆகஸ்ட். ராத்திரி 11 மணி என்று வைத்திருந்தாலும் அன்றைக்கு ராத்திரியே ஆலைப் பெட்டியிலும் 2021 போயிருக்கும். ரெப்ளிகேஷனுக்கு அழித்ததும் ஒரு மாற்றம், எழுதியதும் ஒரு மாற்றம். இரண்டையும் ஒரே மாதிரி கொண்டுபோய்ச் சேர்க்கும். அது காப்பாற்றுவது பெட்டி எரிந்துபோவதிலிருந்து, இடி விழுந்து டிஸ்க் செத்துப்போவதிலிருந்து. ஆள் அழிப்பதிலிருந்து இல்லை.

கிராணிமேசை, ஒரு கேள்வி. 180 ஜிபி அழித்தபிறகு அந்த 92 சதவீதம் இறங்கியதா?

கிராணிமேசை

இறங்கவே இல்லை என்று சொன்னார்கள். அதே வாரம் பெட்டி விற்ற கடையிலிருந்து டெக்னீஷியன் வந்து 'சுத்தம்' செய்தபிறகுதான் இறங்கியதாம்.

நீலக்கேபிள்

அங்கேதான் போயிருக்கிறது. நடந்திருக்கக்கூடியதை வரிசையாகச் சொல்கிறேன். பெட்டியில் ஓடுவது இசட்.எஃப்.எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஃபோல்டரை அழித்தபோது அந்த 180 ஜிபி டிஸ்கை விட்டுப் போகவில்லை. அதற்கு முன்னால் எடுத்த ஸ்னாப்ஷாட்கள் அந்தப் பிளாக்குகளைப் பிடித்து வைத்திருந்தன. அதனால்தான் சதவீதம் இறங்கவில்லை. அந்த நிமிடத்தில் 2021 முழுசாக உயிரோடு இருந்தது. `.zfs/snapshot` உள்ளே போய் ஃபோல்டரை இழுத்து வெளியே போட்டிருந்தால் கதை முடிந்தது.

டெக்னீஷியன் ஸ்னாப்ஷாட் பட்டியலைப் பார்த்திருப்பார். அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் நேரே தெரிகிற `USED` என்பது அந்த ஒன்று மட்டும் தனியாகப் பிடித்திருக்கும் இடம். பத்து ஸ்னாப்ஷாட் சேர்ந்து ஒரே 180 ஜிபியைப் பிடித்திருந்தால் பத்துக்கும் நேரே சின்னச் சின்ன எண்தான் வரும். 'இதில் ஒன்றும் இல்லை' என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போவார்கள். கடைசி ஸ்னாப்ஷாட் போகும்போதுதான் மொத்த இடமும் திடீரென்று விடுபடும். சரியான எண்ணைப் பார்க்க இது வேண்டும்:

```
zfs list -o space tank/pejabat
```

இதில் `USEDSNAP` என்ற பத்தியில் 180 ஜிபி நிற்கும். 'யாரோ பெரிசாக ஒன்றை அழித்திருக்கிறார்கள், வேண்டுமென்றேதானா?' என்று ஆபிஸில் கேட்பதற்கு அது ஒன்றே போதும். அழிப்பதற்கு முன்னால் `zfs destroy -nv` என்று போட்டால் எவ்வளவு இடம் விடுபடும் என்று மட்டும் சொல்லும், எதையும் தொடாது.

அப்படியென்றால் ஆலைப் பெட்டியில் அந்த ஸ்னாப்ஷாட்கள் ஏன் இல்லை? பெரும்பாலும் ரெப்ளிகேஷன் `zfs send -R` என்று அனுப்பி, அந்தப் பக்கம் `zfs recv -F` என்று வாங்கியிருக்கும். இந்த ஜோடி இன்கிரிமென்டலாக, அதாவது போன தடவைக்குப் பிறகு மாறியதை மட்டும் அனுப்பி, ஓடும்போது, அனுப்பும் பக்கத்தில் இல்லாத ஸ்னாப்ஷாட்டை வாங்கும் பக்கத்திலும் அழித்துவிடும். டெக்னீஷியன் ஆபிஸில் அழித்ததை அடுத்த ஓட்டம் ஆலையிலும் அழித்திருக்கும். முதலில் ஃபோல்டர் ரெப்ளிகேட் ஆனது, பிறகு ஸ்னாப்ஷாட் அழிந்ததும் ரெப்ளிகேட் ஆனது.

திருவிழாஆல்பம்

இது டிஸ்க் கெட்டுப்போனதைப் பற்றியா? அப்படியானால் ரெய்ட் போடுங்கள். எங்கள் கோயில் கமிட்டியில் தைப்பூசப் படங்கள் ஒரு ஃபோனிலிருந்து கூகுள் போட்டோஸுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஃபோனில் இடம் இல்லை என்று பொருளாளரின் மகன் செயலிக்குள்ளேயே 600 படத்தை அழித்துவிட்டான். கிளவுடில் இருக்கிறதே என்று நினைத்திருக்கிறான். அங்கேயும் இல்லை. பொருளாளர் தன் ஃபோனில் அந்த ஆல்பத்தைத் திறந்தபோது காவடிப் படங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்ததைக் கையில் வைத்துப் பார்த்தாராம். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும் என்பதால் அன்றே மீட்டுவிட்டார்கள்.

அதனால் என் ஆலோசனை, யாரும் ஃபோனில் இடம் சேர்க்க அந்தச் செயலிக்குள் போய் அழிக்காதீர்கள். அதில் 'இடத்தை விடுவி' என்ற வசதி தனியாக இருக்கிறது, அது ஃபோனில் உள்ள நகலை மட்டும் எடுக்கும். கமிட்டி ஃபோனை ஒருவர் பெயரில் வைக்காதீர்கள், பொறுப்பு மாறும்போது கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், திருவிழா முடிந்த வாரமே படங்களை ஒரு ஹார்டு டிஸ்கில் இறக்கிக் கோயில் ஆபிஸ் அலமாரியில் பூட்டுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

நீலக்கேபிள்

ரெய்டும் இதே ரகம்தான் ஆல்பம் அக்கா. அழித்தது எல்லா டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். ஆனால் உங்கள் 60 நாள்தான் இங்கே பேச வேண்டிய விஷயம். அந்த ஃபைல் காணோம் என்று ஒருவர் கவனிக்க எவ்வளவு நாள் ஆகும்? ஸ்னாப்ஷாட்டை அதைவிட நீளமாக வைத்திருக்க வேண்டும்.

நடப்பு மாதச் செக்ரோல் போனால் சம்பளம் போடும்போது தெரிந்துவிடும். வேலைச் சட்டப்படி அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் போயாக வேண்டும், ஆகவே அதிகம் போனால் ஐந்து, ஆறு வாரம். மணிக்கு ஒன்று என்று 24, நாளுக்கு ஒன்று என்று 60 வைத்தால் இதற்குத் தாராளம். தினசரி 14 மட்டும் என்றால் மாத ஆரம்பத்தில் அழித்ததைச் சம்பள நேரத்தில் தேடினால் கிடைக்காது. 2021 ஃபோல்டரை மாதக்கணக்கில் யாரும் திறக்கமாட்டார்கள். வருமானவரிக்கு ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டிய கணக்கு அது. அதை ஸ்னாப்ஷாட்டை நம்பி விடவே கூடாது. வருஷக் கணக்கை மூடிய அன்றே தனியாக ஆர்க்கைவ் ஆகி, இரண்டு பெட்டிக்கும் சம்பந்தமில்லாத இடத்துக்குப் போக வேண்டும்.

ஆலைலாரி

ஸ்னாப்ஷாட் அழிந்ததும் ரெப்ளிகேட் ஆகும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. `-R` இல்லாமல் `-I` போட்டு அனுப்பி, அந்தப் பக்கம் `-F` இல்லாமல் வாங்கினால் ஆலைப் பெட்டி தன் பழைய ஸ்னாப்ஷாட்களைத் தானே வைத்திருக்கும். எங்கள் ஆலையில் அப்படித்தான். வாங்கும் பக்கத்தில் `readonly=on` போட்டுவிட்டால் யாரும் அங்கே ஃபைல் எதையும் மாற்ற முடியாது, `-F` தேவையும் வராது. பழையதை எப்போது அழிப்பது என்பதை அந்தப் பெட்டியே தன் கணக்கில் முடிவு செய்யும்.

இன்னொரு ஆபிஸில் பார்த்தது. அங்கேயும் ஆபிஸ் பக்கத்தில் ஸ்னாப்ஷாட் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் பொதுவாக ஒன்றுகூட இல்லாததால் இன்கிரிமென்டல் நின்றுவிட்டது. முழுசாக அனுப்பி, அந்தப் பக்கம் `-F` போட்டு வாங்கிப் பார்த்தபோது திரையில் வந்தது இது:

```
cannot receive new filesystem stream: destination has snapshots
must destroy them to overwrite it
```

நடுவில் ஒரு ஸ்னாப்ஷாட் பெயரும் வரும். பொடியன் அதைப் படித்துவிட்டு, அழிக்கச் சொல்கிறது என்று கையை விசைப்பலகையில் வைத்தான். காணாமல்போன எடைச்சீட்டுகளின் ஒரே நகல் அந்த ஸ்னாப்ஷாட்களில்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற கிராணி, 'இரு தம்பி, முதலில் இதற்குள்ளே என்ன இருக்கிறது பார்' என்றார். அந்த மாதிரி நேரத்தில் புதுப் பெயரில் வாங்க வேண்டும், `backup/pejabat2` என்று. பழையதைத் தொடக்கூடாது. இடம் இரட்டிப்பாக வேண்டும்தான், வேறு வழியில்லை.

நீலக்கேபிள்

ஆலைலாரி சொன்னது சரி, `-F` பழக்கத்தை விடுவதுதான் முதல் வேலை. வருஷக் கடைசி ஸ்னாப்ஷாட்டுக்கு ஆலைப் பெட்டியில் ஒரு பூட்டும் போடலாம்:

```
zfs hold arkib backup/pejabat@2024-12-31
```

`zfs release` செய்யாமல் யாரும் அதை `destroy` பண்ண முடியாது, `dataset is busy` என்று மறுத்துவிடும். இந்தப் பூட்டு ஆபிஸ் பெட்டியில் இருந்தால் தானாக ஆலைக்கு வராது, ஆலையில் தனியாகப் போட வேண்டும்.

பசார்ரோடு

பூட்டுப் போட்டு ஏழு வருஷம் அங்கேயே வைத்துக்கொண்டால் ஆர்க்கைவ் எதற்குத் தனியாக? செலவுதானே கூடுகிறது. நான் இன்னும் ரெப்ளிகேஷன் நேரத்தைத் தள்ளிவைப்பதையும் விடமாட்டேன். மைஎஸ்கியூஎல்லில் `SOURCE_DELAY` என்று நகலை ஒரு மணி நேரம் பின்னாலேயே ஓடவிடுகிறார்கள், அது எதற்காக இருக்கிறது?

ஆலைலாரி

எடைச்சீட்டு டேட்டாபேஸில் அது நல்லதுதான், `WHERE` இல்லாமல் `DELETE` போட்டவனுக்கு உடனே தெரிந்துவிடும், நகலை நிறுத்த அந்த ஒரு மணி நேரம் உதவும். அழித்ததை ஐந்து மாதம் கழித்துத் தெரிந்துகொள்ளும் ஃபோல்டருக்கு எவ்வளவு தள்ளிவைப்பீர்கள்?

நீலக்கேபிள்

ஆர்க்கைவ் ஏன் தனி என்றால், ஸ்னாப்ஷாட் அதே டிஸ்குகளில்தான் இருக்கிறது. டிஸ்க் தொகுதி போனால் பூட்டும் சேர்ந்து போகும். ரூட் கடவுச்சொல் தெரிந்தவர் `release` பண்ணவும் முடியும். செருகாத டிஸ்கில் இருப்பதை யாரும் தவறுதலாக அழிக்க முடியாது.

2021 மாதிரி 180 ஜிபிக்கு இரண்டு வெளி டிஸ்க் போதும். ஒன்று ஆபிஸ் அலமாரியில், ஒன்று ஊரில் வேறு கட்டடத்தில். காப்பி எடுக்கும் முன்னால் மூல ஃபோல்டரில் பட்டியல் எடுங்கள்:

```
find 2021 -type f -print0 | xargs -0 sha256sum > 2021.sha256
```

இந்தப் பட்டியலையும் டிஸ்கில் வைத்து, காப்பி முடிந்ததும் அங்கே `sha256sum -c 2021.sha256` ஓட்டுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டிஸ்கையும் செருகி அதையே ஓட்டுங்கள். `FAILED` என்று ஒரு ஃபைல் வந்தால் மற்ற டிஸ்கிலிருந்து எடுத்துப் போட்டுப் புது டிஸ்க் வாங்குங்கள். இதைச் செய்யாமல் ஏழு வருஷம் அலமாரியில் கிடந்த டிஸ்கை நம்ப முடியாது.

கிராணிமேசை

எல்லாருக்கும் நன்றி. ஆலைப் பெட்டியில் `zpool history -i` பார்க்கச் சொல்லியிருக்கிறேன், ஸ்னாப்ஷாட் எப்போது போனது என்று அதில் நிற்கும் அல்லவா.

ஒன்று கேட்க மறந்தேன். 2021 செக்ரோல் ஒரு பழைய மென்பொருளின் ஒரே டேட்டா ஃபைலில் இருந்தது. அந்த மென்பொருள் இப்போதைய விண்டோஸில் திறப்பதில்லை. ஆர்க்கைவில் ஃபைலை மட்டும் வைத்தால் போதுமா?

ஆலைலாரி

போதாது. மென்பொருள் ஓடுகிற கணினி ஒன்று உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு மாதச் செக்ரோலையும் பிடிஎஃப் ஆக்கி, ஆள்வாரிச் சம்பளத்தைச் சிஎஸ்வியாக இறக்கி, மூல ஃபைலோடு சேர்த்து வையுங்கள். இன்னொன்று, மென்பொருள் திறந்திருக்கும்போது எடுத்த ஸ்னாப்ஷாட்டில் அந்த ஃபைல் பாதி எழுதிய நிலையில் இருக்கலாம். ஆர்க்கைவுக்கு எடுக்கும் அன்று எல்லாக் கணினியிலும் அதை மூடிவிட்டு எடுங்கள். உங்களிடம் 2022 ஃபைல் இன்னும் திறக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.