சாப்பாட்டுப் பந்தியில் நாயைப் பாயில் படுக்கவைப்பது: ஏழாவது நிமிடத்தில் ஏன் எழுகிறது?

தேவகோட்டைக்காரர்

ராஜபாளையம் கலப்பு, ஆண், 14 மாதம். பட்டாசாலையில் ஆறு பேர் தரையில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடும் வீடு. இலை நாயின் மூக்குக்குக் கீழேதான் இருக்கிறது. மடித்த ஜமக்காளத்தில் படுக்க மூன்று வாரமாகப் பழக்கம் கொடுக்கிறோம். சும்மா இருக்கிற நேரத்தில் "இடம்" என்றால் போய்ப் படுத்து, "போதும்" என்று சொல்லும்வரை பத்து நிமிடம் அசையாமல் கிடக்கிறான். சாப்பாட்டு நேரத்திலும் முதல் ஏழெட்டு நிமிடம் சரியாகவே இருக்கிறான். அப்புறம் எழுந்து நேரே ஐயாவின் இலைக்குப் போகிறான். தினமும் அதே கட்டத்தில், அதே இலைக்கு. யாரும் இலையிலிருந்து எதுவும் கொடுப்பதில்லை. பொறுமை அவ்வளவுதானா, இல்லை வேறு ஏதாவதா?

கோட்டையூர்க்காரர்

வயிறு காலியாக இருந்தால் எந்த நாயும் வரத்தான் செய்யும், தம்பி. நீங்கள் உட்காருவதற்கு முன்னாலேயே அவனுக்குச் சோறு வைத்துவிடுங்கள். அதோடு தூணில் ஒரு கயிற்றைக் கட்டி மாட்டிவிட்டால் எழுந்து வர வழியே இல்லை. இரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும்.

காரைக்குடி ஆச்சி

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. எழுப்பிவிடும் சொல் "போதும்" என்கிறீர்கள். நம் பந்தியில் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று இன்று ஒரு வேளை மட்டும் எண்ணிப் பாருங்கள். முதலில் சோறும் குழம்பும் வைக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. மறுசோறு வரும்போதுதான் "போதும், போதும்" என்று இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்கிறோம். அது வருவது ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான். அவன் அடம் பிடிக்கவில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டு எழுந்திருக்கிறான். ஐயா கையை நீட்டுவது அவன் கண்ணுக்குக் கூப்பிடுவதுபோலவும் இருக்கலாம். அதனால்தான் மற்ற ஐந்து பேரையும் விட்டு அவர் இலைக்குப் போகிறான்.

சோதிப்பது எளிது. ஒரே ஒரு வேளை எல்லோரும் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். வேண்டாம் என்று தலையை மட்டும் அசையுங்கள். வழக்கமான நேரத்தைத் தாண்டியும் படுத்திருந்தால் காரணம் அதுதான்.

பிறகு சாப்பாட்டில் வராத சொல் ஒன்றை வையுங்கள். "கிளம்பு" நன்றாக வேலை செய்யும். நாய் ஜமக்காளத்தில் படுத்திருக்கும்போது கையை அசைக்காமல் "கிளம்பு" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, தீனித்துண்டு ஒன்றை இரண்டடி தள்ளி வீசுங்கள். சொல் முதலில், கை பிறகு. இரண்டும் சேர்ந்து போனால் கையைத்தான் கற்றுக்கொள்ளும், சொல்லை அல்ல. ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு இரண்டு தடவை, நாலைந்து நாள். நீங்கள் கையை அசைக்கும் முன்பே சொல்லுக்கு எழ ஆரம்பித்தால் பிடித்துவிட்டது என்று பொருள். பழைய சொல்லை அவனிடம் திரும்பவும் பயன்படுத்தவே கூடாது. பந்தியில் நூறு முறை கேட்டும் ஒன்றும் கிடைக்காமல் அது தானாகவே வெற்றுச் சத்தமாகிவிடும்.

இதே காரணத்தால்தான் "பாய்", "படு" இரண்டையும் நான் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. வீட்டில் "பாயை எடு", "பேசாமல் போய்ப் படு" என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். "இடம்" பரவாயில்லை, அதை மாற்ற வேண்டாம்.

கோட்டையூர் அண்ணன் சொன்னதில் பாதி சரி. கயிறு நல்லதுதான். ஒரு முறை இலையில் வாய் வைத்துவிட்டால் பத்து நாள் பாடம் போய்விடும். அதைத் தடுக்கக் கயிறு உதவும். ஆனால் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் நெஞ்சுப் பட்டையில், ஒன்றரை மீட்டர் நீளத்தில், தொய்வாக இருக்கவேண்டும். கயிறு விறைப்பாக நின்றால் நாய் அதோடு மல்லுக்கட்டும், உடம்பு இறுகும். அப்படி இரண்டு வாரம் கிடந்தால் பந்தி என்றாலே திமிறுகிற நேரம் என்றுதான் படியும். முன்னாலேயே முழுச் சோறும் போட்டால் பசி குறையும், உண்மை. கூடவே நாம் கொடுக்கும் துண்டின் மதிப்பும் குறைந்துவிடும். பாதி முன்னால், மீதி பந்தி முடிந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

பள்ளத்தூர்க்காரர்

எங்கள் வீட்டு நாட்டு நாயும் இப்படித்தான். சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் உறுமுகிறது. இதற்கும் ஜமக்காளம் போட்டால் சரியாகுமா?

காரைக்குடி ஆச்சி

அது வேறு விஷயம், ஐயா. இங்கே பேசுவது நாம் சாப்பிடும்போது நாய் படுத்திருப்பதைப் பற்றி. நீங்கள் சொல்வது தன் தட்டை யாரும் எடுத்துவிடுவார்களோ என்ற பயம். அதற்குப் பாய்ப் பழக்கம் மருந்தல்ல. இப்போதைக்கு அதன் தட்டுப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள், உறுமினால் அதட்டாதீர்கள். தனியாகக் கேளுங்கள், விரிவாகச் சொல்கிறேன்.

கானாடுகாத்தான்காரர்

விரிப்பைப் பற்றி ஒன்று. நம் ஆத்தங்குடிக் கல் தரை வழுவழுப்பு, நல்ல குளிர்ச்சி. கோடையில் தடித்த ஜமக்காளத்தில் படுத்த நாய் சூடு தாங்காமல் நகர்ந்து தரைக்குப் போகும். அதைக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுந்து இலைப் பக்கம் போகாமல் விரிப்பின் ஓரத்திலேயே வயிற்றைத் தரையில் பரப்பிப் படுத்தால் காரணம் வெயில். பழைய கண்டாங்கிச் சேலையை எட்டாக மடித்துப் போட்டால் சூடு குறைவு. அடியில் ரப்பர் வலை வைக்கவேண்டும். இல்லையென்றால் நாய் ஏறும்போதே வழுக்கும், அப்புறம் ஏறவே பயப்படும். கோரைப்பாயும் இந்தத் தரையில் வழுக்கும், ஓரத்தையும் கடித்துப் பிரித்துவிடும். ஆனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி சதை குறைந்த நாய்க்கு முழங்கை எலும்பு தரையில் குத்தும், மெல்லிய துணி போதாது. கோடையில் வளவுக் காற்று வரும் பக்கம் போட்டு, தடிமனைக் குறைக்காமல் விடுவதே நல்லது.

காரைக்குடி ஆச்சி

சரியாகச் சொன்னீர்கள். இதோடு சேர்த்து, படுப்பதும் அமைவதும் ஒன்றல்ல என்பதையும் தேவகோட்டைத் தம்பி பார்க்கவேண்டும். முழங்கை இரண்டும் ஊன்றி, பின்கால் இரண்டையும் அடியில் மடக்கி, காதை முன்னால் தள்ளிப் படுத்திருந்தால் அது எழக் காத்திருக்கிற உடம்பு. அமைந்த நாய் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்திருக்கும், பின்கால் பாதத்தின் அடிப்பக்கம் தெரியும், தாடை துணியில் பட்டிருக்கும். சில சமயம் மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு வரும். அந்த இடுப்பு சாய்கிற நேரத்தைத்தான் பிடிக்கவேண்டும்.

உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியைப் பொட்டுக்கடலை அளவுக்குப் பிய்த்து வையுங்கள். ஒரு வேளைக்கு 50 கிராம் தாராளம், அதை அவன் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள். துண்டைக் கையால் ஊட்டாதீர்கள்; முன்கால் இரண்டுக்கும் நடுவே துணிமேல் மெதுவாக வையுங்கள். கையால் ஊட்டினால் தலை மேலே வரும், தலையோடு உடம்பும் வரும். புகழ்ச்சியும் தாழ்ந்த குரலில்தான்.

பந்தியையும் ஒரே வீச்சில் கொடுக்காமல் பிரித்துக் கொடுங்கள். முதலில் வெறும் இலை விரிப்பது மட்டும். அடுத்து ஒருவர் உட்காருவது, பிறகு வாளி கரண்டிச் சத்தம், பிறகு பரிமாறுவது. துண்டு வைக்கும் இடைவெளி 5 நொடி, 10, 5, 15, 8, 20 என்று ஏறி இறங்கிப் போகட்டும். ஏறிக்கொண்டே போனால் கடினமாவது ஒன்றுதான் நாய்க்குத் தெரியும், சலித்து எழுந்துவிடும். ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை எழுந்தால் முந்தின கட்டத்துக்குத் திரும்புங்கள். முதல் பத்து நாள் ஒருவர் பந்தியில் உட்காராமல் நாயை மட்டும் பார்க்கவேண்டும். சாப்பிட்டுக்கொண்டே பழக்கினால் எழுந்த பிறகுதான் கவனிப்போம்.

தேவகோட்டைக்காரர்

ஒன்பது நாள் ஆகிறது. சொல்லைத் தவிர்த்த முதல் வேளையே 17 நிமிடம் படுத்திருந்தான். "போதும்"தான் காரணம். அப்பத்தாவுக்கு மட்டும் வாய் அடங்கவில்லை, ஆனால் இப்போது அதற்குக் காதை ஆட்டுவதோடு சரி. "கிளம்பு" ஐந்தாம் நாளே பிடித்துக்கொண்டான்.

இப்போது இலை மடிக்கும்போது எழுகிறான். கோழி, நண்டு வைத்த நாளில் நிச்சயம். சைவ நாளில் சில சமயம் அசையாமல் இருக்கிறான்.

காரைக்குடி ஆச்சி

இலையைப் பின்கட்டுக்கு எடுத்துப்போகும் வழியில் ஜமக்காளம் இருக்கிறதா?

தேவகோட்டைக்காரர்

ஆமாம் ஆச்சி. மூக்குக்கு ஒரு முழம் தள்ளித்தான் போகிறோம்.

காரைக்குடி ஆச்சி

அப்படியென்றால் முதலில் இடத்தை மாற்றுங்கள். எலும்பு மடித்த இலை முகத்துக்கு முன்னால் ஆறு முறை போனால் எந்த நாய்க்கும் பெரிய சோதனை. எதிர்ச்சுவர் ஓரம், ஆட்கள் முதுகுப் பக்கம் போடுங்கள். புதிய இடத்தில் மூன்று நாள் இடைவெளியைப் பழையபடி 5 நொடியிலிருந்து தொடங்குங்கள், இடம் மாறினால் பாடமும் கொஞ்சம் பின்னால் போகும். சாப்பாடு இல்லாத நேரத்தில் வெறும் இலையை மடித்து எடுத்துப்போங்கள், பத்து முறை. ஒவ்வொரு இலைக்கும் ஒரு துண்டு துணிமேல். அசைவ நாளில் இலை எடுக்கும் முன்பே உள்ளே தயிர்சோறு அடைத்து உறையவைத்த ரப்பர் பொம்மையை வைத்துவிடுங்கள். தாளிப்பும் உப்பும் இல்லாத தயிர்சோறு. நக்கிக்கொண்டே இருப்பதிலேயே அவன் அடங்கிவிடுவான்.

எச்சிலிலை அவனுக்குப் போகவே கூடாது. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும். சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்துக்கு ஆகாது. நம் குழம்பு இலையில் இவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும்.

கானாடுகாத்தான்காரர்

ஆச்சி, கிளிக்கர் பயன்படுத்தினால் இடுப்பு சாய்கிற நொடியைத் துல்லியமாகப் பிடிக்கலாமே?

காரைக்குடி ஆச்சி

முதல் வாரம் பிடிக்கலாம். பந்தியில் அந்தச் சத்தத்துக்குத் தலை நிமிர்கிறது, நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். நான் விட்டுவிடுவேன்.

கானாடுகாத்தான்காரர்

எல்லா நாயும் நிமிர்வதில்லை. மெதுவான சத்தமுள்ள கிளிக்கரைத் துணியில் சுற்றி அழுத்தினால் என் கையில் பழகிய நாய்கள் தாடையை எடுப்பதில்லை. நாயைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கோட்டையூர்க்காரர்

அடுத்த வாரம் தேவகோட்டைத் தம்பி வீட்டில் சாந்திக் கல்யாணம். நாற்பது பேர் பந்தி. அப்போது என்ன செய்வார்?

காரைக்குடி ஆச்சி

ஆறு பேர் பந்திக்குப் பழகிய நாயை நாற்பது பேரில் சோதிக்கக் கூடாது, அண்ணே. அன்றைக்கு மாடியறையில், தண்ணீரும் உறையவைத்த பொம்மையும் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். அந்த ஜமக்காளத்தை மட்டும் அங்கே போடவேண்டாம், அது பட்டாசாலைக்கே இருக்கட்டும்.