சாம்பாரை நிறுத்திய நான்கு மாதம்

மண்டோர் மகள், சுங்கை சிப்புட்

அப்பா தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 61. போன தீபாவளிக்கு முந்தின வாரம் விடிகாலை 2 மணிக்கு இடது கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை நுனி பட்டால்கூடக் கத்தினார். கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். யூரிக் ஆசிட் 540. யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் கௌட் என்றார்கள். வலி மாத்திரையோடு ஒரு தாளும் கொடுத்தார்கள். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தே மங்கிப்போன தாள். ஒரு வரியில் ஈரல், சிப்பி, சார்டின். அடுத்த வரியில் பருப்பு, கீரை, காளான். இரண்டு வரிக்கும் ஒரே பெருக்கல் குறி.

அம்மா அன்றைக்கே சாம்பாரை நிறுத்திவிட்டார். முளைக்கீரை இல்லை, இட்லிக்குப் பருப்புச் சட்னி இல்லை. சரி, சோற்றுக்கு எதையாவது ஊற்ற வேண்டுமே? நெத்திலிக் குழம்பு, இல்லையென்றால் நெத்திலி சம்பல். தாளில் சார்டின் என்றுதான் இருந்தது, ஈக்கான் பிலிஸ் என்று இல்லை. அதனால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

நான்கு மாதம் இப்படிப் போனது. அதற்குள் இன்னும் மூன்று தடவை வலி வந்தது. மறுபடியும் ரத்தம் எடுத்தால் 552. "பருப்பை விட்டும் ஏறுதே, இனிமே சோத்தையும் விடணுமா?" என்று அப்பா கேட்டார். உங்கள் வீட்டில் கௌட் உள்ளவர்கள் பருப்பு, கீரை, காளான் சாப்பிட்டபோது என்ன ஆனது என்று சொல்லுங்களேன்.

பழைய டிரெஸ்ஸர்

தங்கச்சி, நான் தோட்ட ஆஸ்பத்திரியில் 30 வருஷத்துக்கு மேல் இருந்தவன். அந்தத் தாளில் உள்ளதைத்தான் நாங்களும் சொல்லிக் கொடுத்தோம். புரதம் அதிகம் உள்ளது எல்லாமே யூரிக் ஆசிட்டை ஏற்றும், பருப்பும் அதில் சேர்ந்ததுதான். விடவே முடியவில்லை என்றால், பருப்பு கொதிக்கும்போது மேலே வரும் நுரையை அள்ளிக் கொட்டிவிடுங்கள். உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் பியூரின் அந்த நுரையில்தான் இருக்கிறது. கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடையுங்கள். என் அனுபவத்தில் இப்படிச் செய்தவர்களுக்கு வலி குறைந்திருக்கிறது.

தாப்பா தாத்தா

பருப்பு வாயு அம்மா. வாயுதான் மூட்டில் போய் உட்காரும். எனக்கு இரண்டு முட்டியும் பத்து வருஷமாக வலிக்கிறது, படி இறங்கும்போது கடக் கடக் என்று சத்தம் வரும். பெருங்காயமும் பூண்டும் தூக்கலாகப் போட்ட பிறகு வயிறு லேசாக இருக்கிறது. முட்டி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஈப்போ மருந்தாளர்

தாத்தா, உங்கள் முட்டிக் கதை வேறு. படி இறங்கும்போது வருடக் கணக்கில் வலிப்பது பெரும்பாலும் தேய்மானம். கௌட் ராத்திரியோடு ராத்திரியாக வரும், ஒரு மூட்டைப் பிடிக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். வயிற்று வாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டிரெஸ்ஸர் அண்ணன் சொன்னதில் பாதி சரி. பியூரின் தண்ணீரில் கரையும், அதனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் கொஞ்சம் குறையும். ஆனால் நுரையில் இருப்பது புரதமும் சப்போனினும்தான், பியூரின் அங்கே போய் ஒதுங்குவதில்லை. அந்தத் தாள் உணவில் எவ்வளவு பியூரின் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துப் போட்ட பட்டியல். அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கௌட் வந்ததா என்று பார்த்தால் கதை மாறுகிறது. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 வருடம் கவனித்து 2004இல் வெளியிட்டார்கள். மாமிசமும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கௌட் அதிகம் வந்தது. பயறு, கீரை, காளான், காலிஃபிளவர் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. சிங்கப்பூர் சீனர்களிடம் செய்து 2015இல் வெளிவந்த ஆய்வில், சோயாவும் மற்றப் பயறுகளும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கௌட் குறைவாகவே இருந்தது.

மண்டோர் மகளே, உங்கள் வீட்டுச் சட்டியையே எடுத்துக் கணக்குப் போடுவோம். சாம்பாருக்கு எத்தனை டின் பருப்பு, எத்தனை பேர்? அப்புறம் நெத்திலி எவ்வளவு?

மண்டோர் மகள்

பால் டின்னில் அரை டின் பருப்பு, ஐந்து பேர். நெத்திலி அப்பாவுக்கு மட்டும் ஒரு கைப்பிடி. சம்பல் என்றால் அவருக்கு அளவே தெரியாது.

ஈப்போ மருந்தாளர்

அரை டின் பருப்பு ஏறக்குறைய 125 கிராம். ஆளுக்கு 25 கிராம். பியூரின் அட்டவணையில் பருப்புக்குப் போட்டிருக்கும் எண் காய்ந்த பருப்பின் எடைக்கு. 100 கிராமுக்குச் சுமார் 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் அப்பா தட்டில் விழுவது 25 மில்லிகிராம். அதே எண்ணை வெந்த சாம்பார் ஒரு கிண்ணத்துக்குப் போட்டுப் பார்ப்பதால்தான் பலர் பயந்துபோகிறார்கள்.

இப்போது நெத்திலி. ஜப்பானிய அட்டவணையில் காய்ந்த சிறுமீனுக்கு 100 கிராமில் 740 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. கைப்பிடி 30 கிராம் என்றால் 220. ஒரு நாளைக்கு மொத்தமே 400க்குள் நிற்கட்டும் என்கிறார்கள் ஜப்பான் மருத்துவர்கள். சாம்பாரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்பது சாம்பாரை வைத்திருக்கிறார் உங்கள் அம்மா. பாவம், அவர் மேல் தப்பில்லை, தாளில் இல்லையே. குழம்பில் போட்டால் கரைந்தது தண்ணீரில் இறங்கும், அந்தத் தண்ணீரைத்தானே சோற்றில் ஊற்றுகிறோம்.

எண்ணிக்கை மட்டும் இல்லை, பியூரினில் வகையும் உண்டு. மீனிலும் இறைச்சியிலும் அதிகமாக இருக்கும் ஹைப்போசாந்தைன் யூரிக் ஆசிட்டை வேகமாக ஏற்றும், செடிகளில் அது குறைவு. செடி உணவு ஏன் யூரிக் ஆசிட்டை அவ்வளவு ஏற்றுவதில்லை என்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். முழுசாகத் தீர்ந்த விஷயம் இல்லை.

சைவ சமையல் அக்கா

அப்படியென்றால் காளானுக்குப் பயமே வேண்டாமா? நான் கோயில் அன்னதானத்துக்குக் காய்ந்த சீனக் காளான் ஊறவைத்துச் சமைப்பேன். ஊறின தண்ணீர்தான் ருசி, அதைச் சூப்பில் ஊற்றிவிடுவேன். ஒரு தடவை அந்தச் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்த மறுநாள் என் வீட்டுக்காரர் கால் வீங்கிப்போச்சு. சிப்பிக் காளானை மசாலா போட்டு வறுத்தபோதும் ஒருமுறை வந்தது.

ஈப்போ மருந்தாளர்

அக்கா, செடி உணவில் நான் கண் வைப்பது காளானில்தான், அதிலும் காய்ந்ததில். காய்ந்த ஷிட்டாக்கே 100 கிராமுக்கு 380 மில்லிகிராம். பயப்படுத்தும் எண்தான். ஆனால் நூறு கிராம் காய்ந்த காளான் என்றால் ஒரு பை. ஒருவர் இரண்டு மூன்று காளான் சாப்பிட்டால் 10 கிராம், 38 மில்லிகிராம். பச்சைக் காளானில் இனத்துக்கு இனம் மாறும். பச்சை ஷிட்டாக்கேயில் 20 சொச்சம்தான், சிப்பிக் காளானில் 140 அளவுக்கு இருக்கிறது. ஊறின தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள், உங்கள் சூப்பு ருசி போகும், அது என் பாவம். அந்த இரண்டு நாளிலும் வேறு என்ன சாப்பிட்டார், குடித்தார்?

சைவ சமையல் அக்கா

பீர் குடித்தாரா என்று கேட்கிறீர்கள், புரிகிறது. சூப்பு நாளில் குடித்தார், ஒரு கல்யாண வீடு. வறுவல் நாளில் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார்.

பழைய டிரெஸ்ஸர்

அப்போ செடி உணவால் வலி வரவே வராதென்று சொல்லாதே தம்பி. எங்கோ ஒருவருக்கு வருகிறதே.

ஈப்போ மருந்தாளர்

சொல்லவில்லை அண்ணே. ஏற்கனவே கௌட் உள்ள 633 பேரை வைத்து 2012இல் வந்த ஆய்வில், இரண்டு நாளில் பியூரின் மிக அதிகம் சாப்பிட்ட போதும் மிகக் குறைவாகச் சாப்பிட்ட போதும் வலி வருவதை ஒப்பிட்டார்கள். மாமிச வகையில் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. செடி வகையில் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. ஆக அக்கா வீட்டுக்காரருக்குச் சிப்பிக் காளான் ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். இரண்டு தடவையை வைத்து நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

கீரைக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தாளில் ஸ்பினாச் என்று இருப்பதை நாம் பாசாரில் வாங்கும் பாயாம் என்று நினைத்துக்கொள்கிறோம். பாயாம் நம்ம முளைக்கீரை வகை, ஸ்பினாச் என்பது பாலக். பாலக்கிலேயே 100 கிராமுக்கு 50 அளவுதான். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பாலக்கைக் குறைப்பது ஆக்சலேட்டுக்காக. அது வேறு வழக்கு.

விரதக்காரன்

எனக்கு வந்ததுதான் வேடிக்கை. தைப்பூசத்துக்கு 48 நாள் சுத்த சைவம். பருப்பு, பயறு, காய் மட்டும். காவடி எடுத்து கல்லுமலைக் கோயில் ஏறி இறங்கிய அன்று ராத்திரி கணுக்காலில் கௌட். பயறு தின்றதால்தான் என்று மாமா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஈப்போ மருந்தாளர்

கடைசி நாள் எதுவுமே சாப்பிடாமல் நடந்தீர்களா?

விரதக்காரன்

முந்தின நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீர் மட்டும். கோயில் இறங்கினதும் தண்ணீர்ப்பந்தலில் சிராப் நாலு கிளாஸ். வெயிலில் அமிர்தம் மாதிரி இருந்தது.

ஈப்போ மருந்தாளர்

47 நாள் பயறு தின்று வராதது அன்றைக்கு வந்திருக்கிறது. பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன், யூரிக் ஆசிட் சிறுநீரில் வெளியேறுவதை மறிக்கும். வியர்வையில் தண்ணீரும் போய்விட்டது. மேலே சிராப்பில் உள்ள சர்க்கரை, அதன் ஃப்ரக்டோஸ் பகுதி கல்லீரலில் உடையும்போது யூரிக் ஆசிட் உற்பத்தியைக் கூட்டும். அடுத்த வருஷம் விரதம் இருங்கள், ஆனால் இடையில் கஞ்சியோ மோரோ குடித்துக்கொண்டு போங்கள். பந்தலில் பச்சைத் தண்ணீர் கேளுங்கள்.

தாப்பா தாத்தா

மோரில் பெருங்காயம் போடலாம்.

மண்டோர் மகள்

மூன்று மாதம் கழித்து வருகிறேன். நெத்திலியை வாரம் ஒரு நாளாக்கினோம், சாம்பார் திரும்பி வந்தது, கீரை வாரத்தில் மூன்று நாள். அப்பா கொப்பித்தியாமில் தினமும் குடித்த கேன் பானத்தையும் நிறுத்தினார், அதற்குத்தான் பெரிய சண்டை. அளவு 552இலிருந்து 498. டாக்டரிடம் பெருமையாகக் காட்டினால் அவர் சிரித்தார். இலக்கு 360க்குக் கீழே, சாப்பாட்டால் மட்டும் அங்கே போக முடியாது, உங்களைப் போன்றவருக்கு மாத்திரை வேண்டும் என்றார். அலோபியூரினோல் 100 மில்லிகிராமில் ஆரம்பித்து ஏற்றுகிறார், கூடவே ஆரம்ப மாதங்களில் வலி கிளம்பாமல் இருக்க கோல்சிசின். முதல் சில மாதங்களில் உடம்பில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். ரத்தக் கொதிப்புக்கு அப்பா சாப்பிடும் தண்ணி மாத்திரையும் யூரிக் ஆசிட்டை ஏற்றக்கூடியது என்று இப்போதுதான் சொன்னார்கள். அதை நாமாக நிறுத்தக்கூடாது, மாற்றுவது பற்றி அடுத்த தடவை பார்ப்பார்களாம்.

அம்மா அந்தத் தாளை இன்னும் குளிர்பெட்டியிலிருந்து கழற்றவில்லை. பருப்பின் மேல் இருந்த குறியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, சார்டினுக்குப் பக்கத்தில் "பிலிஸ்" என்று எழுதியிருக்கிறார். காளானுக்கு நேரே கேள்விக்குறி போட்டிருக்கிறார். அக்கா வீட்டுக்காரர் சத்தியத்தை அம்மா நம்பவில்லை.